ஆட்டுக்குட்டியின் நேர்முகம்: ஒரு புதிய அனிமேட்டரின் டெஸ்ட் ஷாட் குறித்த நிகழ்வு ஆய்வு

சென்னையில் ஒரு 2டி அனிமேஷன் ஸ்டூடியோவில் நான் அனிமேஷன் சூப்பர்வைசராக இருந்தபோது நடந்தது இது. சம்பந்தப்பட்டவர்கள் அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகக் கதாபாத்திரங்களையும் சில சிறு விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். நடந்த வரிசையும் நாங்கள் செய்த தவறுகளும் அப்படியே இருக்கின்றன.

பின்னணி

வேலை ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு தொடர். நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைகளுக்கானது, எபிசோடுக்கு 7 நிமிடம், மொத்தம் 52 எபிசோடு. ஸ்டோரிபோர்டு, அதை நேரக்கணக்கோடு ஓடவிட்ட அனிமேட்டிக், குரல் எல்லாம் அங்கிருந்து முடிந்து வரும். லேஅவுட், அனிமேஷன், கிளீனப், கலர் இங்கே. கம்ப்யூட்டரில்தான் செய்கிறோம் என்றாலும் மூட்டு மூட்டாக அசைக்கும் ரிக் பொம்மை கிடையாது, ஒவ்வொரு படத்தையும் கையால் வரைய வேண்டும். நொடிக்கு 25 ஃப்ரேம். ஒரு படத்தை இரண்டு ஃப்ரேம் நிறுத்துவது பொது வழக்கம், அதாவது நொடிக்கு அதிகபட்சம் பன்னிரண்டு பதின்மூன்று படங்கள்.

முக்கியக் கதாபாத்திரம் இரண்டு காலில் நடக்கும் ஒரு ஆட்டுக்குட்டி. அதற்கு ஒரு பாட்டி, ஒரு வாத்து நண்பன். பத்து அனிமேட்டர்கள் இருந்தோம். பத்தொன்பதாவது எபிசோடு நடக்கும்போது ஒருவர் விலகினார். அந்த இடத்துக்கு வந்தவர்தான் இந்த ஆய்வில் வரும் புதியவர். மூன்று வருட அனுபவம் உள்ளவர். முன்பு வேறொரு இடத்தில் வேகமான நகைச்சுவைத் தொடர் ஒன்றில் வேலை செய்திருந்தார். அவருடைய ரீலில் படம் வரையும் கை நன்றாகவே தெரிந்தது. சம்பளத்தோடு ஒரு மாதத் தகுதிகாண் காலம் என்று பேசிச் சேர்த்துக்கொண்டோம்.

கிளையண்ட் வைத்திருந்த நிபந்தனை ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். புதிதாக வருகிறவர் முதலில் ஒரு டெஸ்ட் ஷாட் செய்ய வேண்டும். அதை அந்தப் பக்கத்து டைரக்டர் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் எபிசோடில் ஷாட் கொடுக்க முடியும். அவருக்கு அனுப்புவதற்கு முன் நாங்கள் எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளலாம்.

முதல் நாள் கையில் கொடுத்தது

திங்கட்கிழமை காலை ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு மூன்று விஷயங்களை அவரிடம் கொடுத்தோம்.

ஒன்று, ஸ்டைல் கைடு. 34 பக்கம். அதில் பெரும்பகுதி பின்னணி ஓவியமும் கலரும்தான். அனிமேஷனுக்கு என்று இருந்தது மூன்றே பக்கம். அந்த மூன்று பக்கமும் 'அசைவு மென்மையாக இருக்க வேண்டும், இதமாக இருக்க வேண்டும், திடுக்கென்று எதுவும் நடக்கக்கூடாது' என்ற போக்கில் போகும். எத்தனை ஃப்ரேம் என்ற எண் ஓரிடத்தில்கூட இல்லை.

இரண்டு, மாடல் பேக். ஒவ்வொரு கதாபாத்திரத்துக்கும் ஐந்து கோணங்களில் டர்ன்அரவுண்ட், பன்னிரண்டு முகபாவங்கள், கை வகைகள், வாய் வடிவங்கள் எட்டு, எல்லோரும் வரிசையாக நிற்கும் உயர ஒப்பீட்டுத் தாள், அப்புறம் வாளி, நாற்காலி, குடை மாதிரிப் பொருள்களின் தாள்கள்.

மூன்று, டெஸ்ட் ஷாட்டின் அனிமேட்டிக். 6 நொடி, 150 ஃப்ரேம். ஆட்டுக்குட்டி இடது பக்கம் முக்கால் கோணத்தில் நிற்கிறது. கீழே ஒரு தகர வாளியைப் பார்க்கிறது. அது காலி. தலையைத் திருப்பி வலது பக்கம் இருக்கும் பாட்டியிடம், பால் எங்கே போச்சு என்று கேட்கும் ஒரு ஆங்கில வசனம் சொல்கிறது. வசனம் மட்டும் சுமார் 2 நொடி. பாட்டி ஷாட்டுக்குள் இல்லை.

வியாழன் மாலைக்குள் ரஃப் அனிமேஷன் வேண்டும் என்று சொன்னோம். அந்த வாரம் ஒரு எபிசோடு டெலிவரி. நான் அவரோடு உட்கார்ந்தது மொத்தம் பத்து நிமிடம் இருக்கும். "எல்லாம் பேக்ல இருக்கும்மா, சந்தேகம்னா கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். அவர் ஒரு சந்தேகமும் கேட்கவில்லை. அதை அப்போது நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொண்டேன்.

வியாழன் மாலை வந்த ஷாட்

சொன்ன நேரத்துக்கு வந்தது. ஒவ்வொரு படமாக நிறுத்திப் பார்த்தால் கோடு சுத்தமாக இருந்தது. ஓடவிட்டால், எங்கள் தொடர் மாதிரியே இல்லை. ஆட்டுக்குட்டி தண்ணீருக்குள் நிற்பதுபோல மிதந்தது.

ஏன் அப்படித் தெரிகிறது என்பதற்கு முதலில் படங்களை எண்ணினேன். வாயை விட்டுவிட்டு எண்ணினால் 68 படங்கள். ஒவ்வொன்றும் இரண்டு ஃப்ரேம் என்றால் 136 ஃப்ரேம். ஆக 150இல் பொம்மை அசையாமல் நின்ற நேரம் மொத்தமே 14 ஃப்ரேம், அரை நொடிக்குக் கொஞ்சம் கூடுதல். ஏற்கெனவே ஓகே ஆன இதே மாதிரி வசன ஷாட்டுகளைத் திறந்து எண்ணிப் பார்த்தேன். அதே நீளத்துக்கு 25 முதல் 30 படங்கள்தான் இருந்தன. எங்கள் ஆட்டுக்குட்டி பெரும்பாலான நேரம் சும்மாதான் நிற்கும். சட்டென்று ஒரு சின்ன அசைவு, மறுபடி நிற்கும்.

வாளியைப் பார்க்கத் தலை குனியும் இடத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். புதியவர் அதற்கு 22 ஃப்ரேம் எடுத்திருந்தார். தலை, காது, தோள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பி ஒன்றாகப் போய்ச் சேர்ந்தன. ஓகே ஆன ஷாட்டுகளில் இதே அசைவு இப்படி இருக்கும்: எதிர்ப்பக்கம் ஒரு சின்னத் தூக்கல், ஒரே படம், 2 ஃப்ரேம். அப்புறம் 6 ஃப்ரேமில் தலை கீழே வந்துவிடும். காதுகள் 4 ஃப்ரேம் தாமதித்து வந்து ஆடி அடங்கும். உடம்பு அசையாது. அதன்பின் 16 ஃப்ரேம் அப்படியே நிற்கும்.

அதாவது இந்தத் தொடரின் மென்மை வேகக் குறைவில் இல்லை. தலை வேகமாகத்தான் திரும்புகிறது. ஆனால் போகும் தூரம் சிறியது, பின்னால் வரும் காது அதை இதமாக்குகிறது, அதன்பின் வரும் ஓய்வு குழந்தைக்குப் பார்க்க நேரம் தருகிறது. இது எங்கள் பத்துப் பேருக்கும் கையில் இருந்தது. தாளில் இல்லை. 'மென்மை' என்ற சொல்லைத் தாளில் படித்த ஒருவர் மெதுவாகச் செய்தால், அவரைக் குறை சொல்ல முடியாது.

இரண்டாவது, நேர்முகம். வசனம் சொல்லும்போது ஆட்டுக்குட்டியை முழுக்கக் கேமராவைப் பார்க்கத் திருப்பி, 30 ஃப்ரேம் அப்படியே வைத்திருந்தார். பார்க்கக் கோரமாக இருந்தது. நீண்ட மூக்குள்ள மிருகத்தை 2டியில் நேராக வரைந்தால் மூக்கு தட்டையாகி, இரண்டு கண்ணும் ஓரத்துக்குப் போய்விடும். எங்கள் தொடரில் அந்தக் கோணம் தனியாக நிற்கவே நிற்காது. இடமிருந்து வலம் தலை திரும்பும்போது நடுவில் ஒரே ஒரு படமாக வந்து போகும், அதுவும் கண் மூடி, தாடை கொஞ்சம் கீழிறங்கி. பேச்சு எப்போதும் முக்கால் கோணத்தில்தான். இதுவும் எங்கேயும் எழுதப்படவில்லை. டர்ன்அரவுண்ட் தாளிலோ நேர்முகம்தான் முதல் படமாக, அழகாக, கண் திறந்து நிற்கிறது.

மூன்றாவது, வாளி முழங்கால் உயரத்துக்கு இருந்தது. உண்மையில் அது ஆட்டுக்குட்டியின் இடுப்பு உயரம். தூக்க முடியாமல் தூக்குவதுதான் பல எபிசோடுகளில் வேடிக்கையே.

நான்காவது, கொம்பு. சின்னதாக இருந்தது. முதல் எபிசோடு முடிந்தபின் டைரக்டர் கொம்பைப் பெரிதாக்கச் சொன்னார், ஆறு மாதம் முன்பே மாற்றிவிட்டோம். இது எப்படி வந்தது என்று எனக்கு அப்போது புரியவில்லை.

ஐந்தாவது, வாய். 2 நொடி வசனத்துக்கு வாய் 19 தடவை மாறியது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு வடிவம் போட்டிருந்தார். ஓடவிட்டால் வாய் படபடவென்று அடித்துக்கொண்டது.

முதல் முடிவும், அதை நிறுத்திவைத்ததும்

வெள்ளிக்கிழமை காலை நான் தயாரிப்பு மேலாளரிடம் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: "கை நல்லா இருக்கு, ஆனா ஆன் மாடல் வரல, மாடல் தாள்ல இருக்கற மாதிரி இல்ல. ஒரு வாரம் பார்ப்போம், இல்லைன்னா வேற ஆள்." அவரும் தலையாட்டினார். புதியவருக்கு ஒரு நீண்ட ரீடேக் பட்டியல் எழுத ஆரம்பித்தேன். பதினேழு குறிப்புகள் வரை போனது.

பட்டியலை அனுப்பாமல் நிறுத்தியதற்குக் காரணம் கொம்பு. மற்ற நான்கு தவறுகளும் ஒருவர் கவனக்குறைவால் செய்யக்கூடியவை. கொம்பை மட்டும் யாரும் தானாக, ஐந்து கோணத்திலும் ஒரே அளவில் சின்னதாக வரைய மாட்டார்கள். எதையோ பார்த்துத்தான் வரைந்திருக்கிறார். அவருடைய மேஜைக்குப் போய் எந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கிறார் என்று பார்த்தேன். `MP_KID_v04.pdf`. எங்களிடம் நடப்பில் இருந்தது `v06`. ஒருங்கிணைப்பாளர் பழைய மின்னஞ்சலில் இருந்த இணைப்பையே அனுப்பியிருந்தார். பழைய ஃபைலும் சர்வரில் அதே ஃபோல்டரில் கிடந்தது. மாடல் பேக்கின் எந்தப் பக்கத்திலும் தேதியோ பதிப்பு எண்ணோ இல்லை, ஃபைல் பெயரில் மட்டும்தான்.

1930களின் இறுதியில் டிஸ்னியில் ஜோ கிராண்ட் என்பவர் தலைமையில் மாடல் தாள்களுக்கென்றே ஒரு பிரிவு இருந்தது. அவருடைய ஓகே முத்திரை விழுந்த தாள்தான் அனிமேட்டர்களிடம் போகும். காகிதத்தில் ஒரு முத்திரையாக இருந்ததை நாம் கம்ப்யூட்டருக்கு வந்தபின் ஃபைல் பெயரில் இரண்டு இலக்கமாகச் சுருக்கிவிட்டோம்.

கொம்பு எங்கள் தவறு என்றால் மற்றவையும் அப்படி இருக்கலாமே என்று தோன்றியது. கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருந்தது. கீழ்த்தளத்தில் வேறொரு தொடரில் பதினைந்து வருட அனுபவமுள்ள ஒரு மூத்த அனிமேட்டர் இருந்தார். எங்கள் தொடரில் அவர் ஒரு ஷாட்டும் செய்ததில்லை. அவரிடம் புதியவருக்குக் கொடுத்த அதே மூன்று விஷயங்களைக் கொடுத்து, ஏன் என்று சொல்லாமல், அசைவின் முக்கியப் படங்களான கீ போஸ்களை மட்டும் வரைந்து டைமிங் குறித்துத் தாருங்கள் என்று கேட்டேன். அரை நாள் வேலை. கொம்பை விட்டுவிடலாம் என்று இவருக்கு மட்டும் புதிய `v06` ஃபைலைக் கொடுத்தேன்.

மாலையில் அவர் கொடுத்ததில், வசனம் நேர்முகத்தில் இருந்தது. வாளி முழங்கால் உயரம். தலை குனிய 18 ஃப்ரேம். பதினைந்து வருட அனுபவம் அந்த மூன்று இடத்திலும் அதே பள்ளத்தில்தான் விழுந்தது. வாய் மட்டும் அவரிடம் சரியாக இருந்தது, 2 நொடிக்கு 10 மாற்றம்.

ஒரே ஒருவரை வைத்து எல்லாவற்றையும் முடிவுகட்ட முடியாதுதான். ஆனால் தவறுகளைப் பிரிக்க இது போதுமாக இருந்தது. டைமிங், நேர்முகம், வாளி, கொம்பு நான்கும் பேக்கின் தவறு. வாய் மட்டுமே புதியவருடையது. பதினேழு குறிப்புகளில் பதினான்கு நாங்கள் எங்களுக்கே எழுதிக்கொண்டிருக்க வேண்டியவை.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, அந்த ஷாட்டைத் திருத்தச் சொல்லாமல் கைவிட்டது. மேலாளருக்கு இது பிடிக்கவில்லை. நான்கு நாள் வேலை வீண் என்றார். என் கணக்கு வேறு. பதினேழு குறிப்பைக் கொடுத்தால் அவர் பதினேழையும் செய்துகொடுப்பார், ஷாட் ஓகே ஆகும். அதில் நான் வரைந்த திருத்தம் எது, அவர் புரிந்துகொண்டது எது என்று யாராலும் சொல்ல முடியாது. மூன்றாவது ரீடேக்குக்குப் பிறகு ஓகே ஆகும் டெஸ்ட் ஷாட், ஆளைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

இரண்டாவது முடிவு, பேக்கில் மூன்று பக்கம் மட்டும் திருத்துவது. முழுவதையும் திருத்த ஆசை வந்தது, ஆனால் திங்கட்கிழமைக்குள் முடியாது. டைமிங் பக்கத்தில் 'மென்மை'யை அடித்துவிட்டு, மேலே சொன்ன தலை குனியும் அசைவை ஃப்ரேம் எண்ணோடு படம் படமாக வைத்தோம். கீழே ஒரே வரி: 6 நொடி வசன ஷாட்டில் 35 படத்துக்கு மேல் போனால் நிறுத்தி யோசியுங்கள். தலைத் திருப்பத்துக்குத் தனிப் பக்கம், நடுப்படத்தோடு. அதன் பக்கத்தில் தவறான வடிவத்தையும் போட்டுச் சிவப்பில் கோடிட்டோம். மூன்றாவதாக, வாளியைத் தனியாக வரையாமல் ஆட்டுக்குட்டியும் பாட்டியும் பக்கத்தில் நிற்கும்படி வரைந்தோம். பொருள் தாளில் பொருள் மட்டும் இருந்தால் அளவு தெரியாது. எவ்வளவு சாதாரண விஷயம், ஆனால் பத்தொன்பது எபிசோடு வரை யாருக்கும் தோன்றவில்லை. எங்களுக்குத்தான் வாளியின் உயரம் தெரியுமே.

பழைய ஃபைல்களை வேறொரு பூட்டிய ஃபோல்டருக்கு நகர்த்தி, எல்லாப் பக்கத்தின் மூலையிலும் பதிப்பு எண் போட்டோம்.

மூன்றாவது முடிவு, புதியவரோடு ஒரு மணி நேரம் உட்கார்வது. வெள்ளி மாலையே, நடந்ததை உள்ளபடி அவரிடம் சொன்னேன். பழைய பேக் கொடுத்தது எங்கள் தவறு, டைமிங் எழுதாததும் எங்கள் தவறு, வாய் மட்டும் உங்களுடையது. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சார், நேர்முகம் எனக்கும் ஒரு மாதிரியா இருந்துச்சு. ஆனா பேக்ல முதல் படமே அதுதான், கேட்டா தப்பா நினைப்பீங்களோன்னு விட்டுட்டேன்" என்றார். சந்தேகம் கேட்காததை நல்ல அறிகுறி என்று நினைத்தேன் அல்லவா, அது இதுதான்.

அந்த ஒரு மணி நேரத்தில் நான் எதையும் விளக்கவில்லை. ஓகே ஆன மூன்று ஷாட்டுகளைக் கொடுத்து, ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்தி, எங்கே நிற்கிறது, எத்தனை ஃப்ரேம் நிற்கிறது, எங்கே அசைகிறது என்று ஒரு தாளில் எழுதச் சொன்னேன். இரண்டாவது ஷாட்டிலேயே அவர் தலையை நிமிர்த்தி, "இது நிக்கத்தான் சார் செய்யுது" என்றார். ஓடும் படத்தைப் பார்க்கும்போது கண் அசைவை மட்டும்தான் பிடிக்கும். எண்ணும்போதுதான் நிற்பது தெரியும்.

வாய்க்கு மட்டும் நேரடியாகச் சொன்னேன். ஒலி முழுவதையும் வரையாதீர்கள். உதடு ஒட்டும் ஒலிகளும் அழுத்தம் விழும் உயிரொலிகளும் தெரிந்தால் போதும், நடுவில் வருபவை கரைந்து போகட்டும். உதடு ஒட்டும் படம் குறைந்தது 2 ஃப்ரேம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. ஒலிக்கு ஒன்றிரண்டு ஃப்ரேம் முன்னாலேயே வாய் வந்துவிட வேண்டும். முந்தைய தொடரில் கதாபாத்திரங்கள் கத்திக் கத்திப் பேசும், அங்கே எல்லா எழுத்தையும் வரைவது பழக்கம் என்று அவர் சொன்னார். பழக்கம்தான், குறை இல்லை.

நான்காவது முடிவு, இரண்டாவது டெஸ்ட் ஷாட்டை ஏற்கெனவே ஒளிபரப்பத் தயாராகிவிட்ட ஆறாவது எபிசோடிலிருந்து எடுப்பது. அதன் இறுதி வடிவம் எங்களிடம் இருப்பதால் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். நடக்கும் எபிசோடிலிருந்து டெஸ்ட் ஷாட் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அது சோதனையா வேலையா என்பது இரண்டு பக்கமும் குழம்பிவிடும். சம்பளம் இல்லாமல் டெஸ்ட் கேட்கும் இடங்களில் அது வேறொன்றாகவும் ஆகிவிடும்.

ஷாட் 5 நொடி, 125 ஃப்ரேம். ஆட்டுக்குட்டி குடையை விரிக்க முயல்கிறது, முடியவில்லை, வாத்தைத் திரும்பிப் பார்த்து ஒரு சின்ன வசனம். முதல் ஷாட்டைப் போலவே ஒரு பொருள், ஒரு தலைத் திருப்பம், ஒரு வசனம். குதிப்பது ஓடுவது மாதிரி கண்ணைக் கவரும் ஷாட் வேண்டாம் என்று இரண்டு தடவையும் தவிர்த்தோம். இந்தத் தொடரில் பெரும்பகுதி நின்று பேசுவதுதான், அது வந்தால் போதும்.

இரண்டாவது ஷாட்

செவ்வாய் காலை ஆரம்பித்து வியாழன் மதியம் முடித்தார். இந்த முறை கீ போஸ்கள் முடிந்ததும் காட்ட வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தேன். செவ்வாய் மாலை ஐந்து போஸ்களோடு வந்தார். குடையைப் பிடிக்கும் கையில் மட்டும் நான்கு விரல் போட்டிருந்தார், எங்கள் ஆட்டுக்குட்டிக்கு மூன்றுதான். அங்கேயே திருத்தினார். இதே தவறு போஸ்களுக்கு இடையில் வரும் எல்லா இன்பிட்வீன் படங்களும் முடிந்தபின் தெரிந்திருந்தால் இருபது படத்தைத் தொட வேண்டியிருக்கும்.

முடிந்த ஷாட்டில் 27 படங்கள். ஓகே ஆன பழைய வடிவத்தில் 24. தலைத் திருப்பம் சரி. வாய் 2 ஃப்ரேம் தாமதமாக இருந்தது, அதை மொத்தமாக நகர்த்தினால் போதும். காது அடங்குவதில் கொஞ்சம் கூடுதல் ஆட்டம். நான்கு குறிப்புகள், ஒரு மணி நேரத் திருத்தம். அதன்பின் பழைய வடிவத்தைத் திறந்து இரண்டையும் பக்கத்தில் ஓடவிட்டோம். ஒரு இடத்தில், குடை விரியாதபோது காது தொங்குவதில், அவருடையது பழையதைவிட நன்றாகவே இருந்தது. வெள்ளியன்று டைரக்டருக்கு அனுப்பினோம். திங்களன்று ஒரு குறிப்போடு சரி வந்தது.

எபிசோடுக்குள் வந்த பிறகு

முதல் வாரம் 10 நொடி, மூன்றாவது வாரம் 16, ஐந்தாவது வாரம் 20. குழுவின் வழக்கமான அளவுக்கு ஐந்தாவது வாரத்தில் வந்துவிட்டார். இதோடு கதை முடிந்திருந்தால் எழுதவே தேவையில்லை.

நான்காவது வாரம் டைரக்டரிடமிருந்து ஒரு குறிப்பு வந்தது. ஆட்டுக்குட்டி சரியாக இருக்கிறது, ஆனால் உயிரில்லை, மாடல் தாளை வெட்டி ஒட்டியதுபோல இருக்கிறது என்று. திறந்து பார்த்தேன். ஒரே எபிசோடில் அவர் செய்த ஷாட்டுகளில் நான்கு இடத்தில் முகபாவத் தாளின் ஏழாவது படம், அந்த 'ஆச்சரியம்', அச்சு அசலாக வந்திருந்தது. ஒரு இடத்தில் ஆட்டுக்குட்டி வாளிக்குள் தலையை விட்டு ஆச்சரியப்பட வேண்டும், அங்கேயும் அதே முகம்.

இது நாங்கள் உண்டாக்கியது. முதல் வாரம் ஷாட் தவறாக வந்ததைப் பற்றி அவரிடம் பேசினோம் (அது எங்கள் தவறு என்று சொன்னாலும்), சிவப்புக் கோடு போட்ட பக்கங்களைக் கொடுத்தோம், படங்களை எண்ணச் சொன்னோம். பயந்த கை தாளில் இருப்பதை மட்டும்தான் வரையும். பழைய அனிமேட்டர்கள் தாளை எவ்வளவு மீறுகிறார்கள் என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. அதையும் நாங்கள் எழுதவில்லை.

பழைய எபிசோடுகளிலிருந்து, டைரக்டர் ஓகே சொன்ன, மாடலை மீறிய 12 படங்களை எடுத்து ஒரு பக்கம் செய்தோம். உடம்பு இரண்டு மடங்கு நீண்ட படம், வாய் முகத்தைவிடப் பெரிதான படம், காது முடிச்சுப் போட்ட படம். அவற்றை அடுக்கிப் பார்த்தபோது எங்களுக்கே ஒன்று தெரிந்தது. பன்னிரண்டிலும் மாறாதவை மூன்று: கண்ணுக்கும் மூக்குக்கும் உள்ள இடைவெளி, கொம்பு முளைக்கும் இடம், கருவிழியின் அளவு. மற்ற எல்லாம் இழுபட்டிருந்தன. குழந்தைக்கு இது அதே ஆட்டுக்குட்டிதான் என்று காட்டுவது அந்த மூன்றும்தான்போல. பக்கத்தின் அடியில் அதை எழுதினோம். இழுத்த படம் 4 ஃப்ரேமுக்கு மேல் நிற்கக்கூடாது என்ற வரியையும் சேர்த்தோம்.

ஆறாவது வாரம் அவர் செய்த ஒரு தும்மல் ஷாட்டில் ஆட்டுக்குட்டியின் உடம்பு ஒரு கமாவைப் போல வளைந்திருந்தது. டைரக்டர் குறிப்பு எதுவும் எழுதவில்லை.

எல்லாம் சரியாகிவிடவில்லை. எட்டாவது வாரம் ஆட்டுக்குட்டி நான்கு காலில் ஓடும் ஒரு ஷாட் அவருக்குப் போனது. தொடரில் அது ஆண்டுக்கு இரண்டு தடவை வரும். பேக்கில் அதற்கு ஒரு படமும் இல்லை. மூன்று ரீடேக் ஆனது, கடைசியில் வேறொருவர் முடித்தார். அது நடக்காமல் இருக்க என்ன செய்திருக்கலாம் என்றால், ஷாட் ஒதுக்கும்போதே பார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான். எல்லாவற்றையும் பேக்கில் வைக்க முடியாது.

அடுத்தவர் வந்தபோது மாற்றியவை

இருபத்தெட்டாவது எபிசோடில் இன்னொருவர் சேர்ந்தார். அவருக்கு முதல் நாள் டெஸ்ட் ஷாட் கொடுக்கவில்லை. முதல் ஒன்றரை நாள் பேக்கைப் படித்து, மூன்று ஷாட்டுகளை எண்ணி எழுதுவது மட்டும். இரண்டாம் நாள் மாலை, பேக்கில் புரியாதது அல்லது முரணாகத் தெரிவது எதுவாக இருந்தாலும் குறைந்தது ஐந்து கேள்வி எழுதித் தர வேண்டும் என்று கட்டாயமாக்கினோம். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்ற தயக்கத்துக்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை. கேள்வி எழுதுவதே வேலையின் ஒரு பகுதி என்றால் கேட்பதில் கூச்சம் இல்லை. அவர் ஒன்பது எழுதினார். அதில் இரண்டுக்கு எங்களில் யாருக்கும் பதில் தெரியவில்லை, கிளையண்டிடம் கேட்டோம்.

டெஸ்ட் ஷாட்டில் கீ போஸ் கட்டத்தில் ஒரு தடவை, முடிவில் ஒரு தடவை பார்ப்பது. குறிப்புகளை இரண்டாகப் பிரித்து எழுதுவது: பேக்கில் இருந்தும் தவறியவை, பேக்கில் இல்லாதவை. இரண்டாவது வகைக் குறிப்பு வந்தால் அன்றே பேக்கில் ஏற வேண்டும். மாடலை மீறிய படங்களின் பக்கத்தை முதல் நாளே கொடுத்துவிடுகிறோம்.

ஓகே ஆன பழைய வடிவத்தை டெஸ்ட் ஷாட்டுக்கு முன்பே காட்டலாமா, பின்பா என்பதில் எனக்கும் மூத்த அனிமேட்டருக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. முன்பே காட்டினால் நகலெடுப்பார்கள் என்பது என் கட்சி. நகலெடுக்கட்டுமே, நாங்கள் எல்லாம் அப்படித்தானே கற்றோம் என்பது அவர் கட்சி.

மாடல் பேக்கைப் பராமரிக்கும் பொறுப்பு இப்போது முதலில் வந்த அந்த அனிமேட்டரிடம்தான் இருக்கிறது. அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். `v07` அவர் செய்தது. நேர்முகத்தை டர்ன்அரவுண்டிலிருந்து எடுத்துவிடலாம் என்று கிளையண்டிடம் கேட்டார். முடியாது என்று பதில் வந்தது, பொம்மையும் புத்தகமும் செய்பவர்களுக்கு அந்தக் கோணம் வேண்டுமாம். அதனால் படம் அங்கேயே இருக்கிறது, முதல் இடத்திலிருந்து கடைசி இடத்துக்கு மாறி, குறுக்கே சிவப்பில் ஒரு வரியோடு: திரும்பும்போது மட்டும், ஒரே படம், கண் மூடி.